இரண்டாம் பக்கம் எங்கே?

இதைக் கதையாகவே எழுதிவிடுகிறேன். ஊர், துறை, ஆட்கள் பெயர் எதுவும் வராது. நான் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். வரிக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது, வேறு துறை. ஆனால் தெருக்காரர்களுக்கு அரசாங்கம் என்றால் ஒன்றுதான். அதில் ஒருவன் இதே தெருவில் குடியிருக்கிறான், அவ்வளவு போதும் அவர்களுக்கு.

அன்று ஜூன் 28. வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றவில்லை, வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லார் கையிலும் போன், எல்லாப் போனிலும் ஒரே படம். சொத்து வரி பற்றிய சுற்றறிக்கை ஒன்றை யாரோ சாய்வாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே சிவப்பு எழுத்தில், "வீடு வைத்திருப்போர் அனைவரும் உடனே படிக்கவும்."

முதலில் பேசியது எதிர்வீட்டு டீச்சர். பணி ஓய்வு பெற்றவர், அடுக்குமாடியில் முதல் தளம். கிரயப் பத்திரத்தை நெகிழிப் பையில் போட்டு மார்போடு அணைத்து வைத்திருந்தார்.

"தம்பி, பத்திரத்துல 950 சதுர அடின்னு போட்டிருக்கு. வரி ரசீதுல 780னு இருக்கு. பத்து விழுக்காட்டுக்கு மேல போனா நோட்டீஸாமே? இது இருபதைத் தாண்டுதே."

கணக்கு டீச்சர் அவர். 170-ஐ 780-ஆல் வகுத்தால் 21.8 விழுக்காடு. கணக்கில் பிழை இல்லை.

அவருக்குப் பின்னால் கடைசி வீட்டுக்காரர். சொந்த வீடு. பின்பக்கம் நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் அறை கட்டியிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவர்தான் அதிகம் பயந்திருக்கிறார் என்பது என் அனுபவம்.

திண்ணையில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். அதன் நடை இப்படி இருந்தது:

"பொருள்: சொத்து வரி – கட்டடப் பரப்பு வேறுபாடுகள் – கள ஆய்வு மேற்கொள்ளுதல் – அறிவுரைகள் வழங்குதல் – தொடர்பாக.

3. பதிவேட்டுப் பரப்புக்கும் கள அளவுக்கும் 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு காணப்படும் நேர்வுகளில் உரிமையாளருக்கு அறிவிப்பு சார்வு செய்து, 30 நாட்களுக்குள் விளக்கம் பெற்று, அதன்பேரில் உரிய ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும். விளக்கம் பெறப்படாத நேர்வுகளில், பார்வை 2-ல் காணும் சுற்றறிக்கையின் பத்தி 5-க்கு உட்பட்டு, நிலுவையுடன் வரி விதிக்கப்படலாம்.

4. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் இணைப்பு 1-ல் உள்ள படிவத்தில் தவறாது அறிக்கை அனுப்பப்பட வேண்டும்.

5. இப்பொருளில் அலட்சியம் காட்டப்படுமாயின் கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என எச்சரிக்கப்படுகிறது."

தேதி ஜூன் 7.

தெரு இதை எப்படிப் படித்திருந்தது என்று கேட்டால்தான் அவர்கள் பயம் புரியும். ஜூன் 7-லிருந்து முப்பது நாள் என்றால் ஜூலை 7. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அதற்குள் எல்லாரும் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் ஏதோ படிவம் வேறு நிரப்பி அனுப்ப வேண்டும். அனுப்பத் தவறினால் கடும் நடவடிக்கை. கடும் நடவடிக்கை என்றால் வீட்டுக்கு சீல் வைப்பது என்று மூலை வீட்டுப் பையன் சொல்லியிருக்கிறான். அந்தப் படிவம் எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேர் ஜெராக்ஸ் கடை வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார்கள்.

எழுத்தில் உள்ளதை அவர்கள் பெரும்பாலும் தப்பாகப் படிக்கவில்லை. நான் படத்தின் வலது கீழ் மூலையைக் காட்டினேன். அங்கே சின்னதாக "..2" என்று இருந்தது.

"இது என்ன தெரியுமா? அடுத்த பக்கம் இருக்குன்னு அர்த்தம். இரண்டாம் பக்கம் எங்கே?"

ஒருவரிடமும் இல்லை. டீச்சருக்கு அக்கா மகன் அனுப்பினார், அவருக்கு அலுவலக நண்பர், அவருக்கு யாரோ. முதல் பக்கம் மட்டுமே தெருத்தெருவாக நடந்துகொண்டிருக்கிறது.

சுற்றறிக்கையில் 'பெறுநர்' என்ற பகுதி கடைசியில்தான் வரும். கையொப்பத்துக்குக் கீழே, இடது பக்கம். கடிதம் யாருக்கு என்பது அங்கே இருக்கும். அந்தப் பக்கம் விட்டுப்போனால், படிக்கிற ஒவ்வொருவரும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். தமிழ் அலுவலக நடையில் வாக்கியங்கள் பெரும்பாலும் செயப்பாட்டு வினையில் முடியும். 'அனுப்பப்பட வேண்டும்', 'எச்சரிக்கப்படுகிறது'. யார் அனுப்ப வேண்டும், யாரை எச்சரிக்கிறார்கள் என்று வாக்கியத்துக்குள் இருக்காது. அது பெறுநரில் இருக்கும் என்று எழுதியவர் நம்புகிறார். ஒரே அலுவலகத்துக்குள் அந்த நம்பிக்கையால் கெடுதல் இல்லை. வெளியே வந்தால் அதே வாக்கியம் ஆள் தேடி அலையும்.

"இது உங்களுக்கு எழுதினது இல்ல, டீச்சர். 'அறிவுரைகள் வழங்குதல்'னு பொருள்ல போட்டிருக்கு பாருங்க. மேலதிகாரி கீழே இருக்கிற ஆய்வாளர்களுக்குச் சொல்ற அறிவுரை. மாசாமாசம் அறிக்கை அனுப்ப வேண்டியது அவங்க. அலட்சியம் காட்டினா நடவடிக்கைங்கிறதும் அவங்க மேலதான்."

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மூலை வீட்டுப் பையனின் அம்மா சிரித்துவிட்டார். "அப்ப திட்டு வாங்கினது ஆபீசருங்களா? நாங்க பயந்துட்டு இருக்கோம்!"

அந்த ஐந்தாம் பத்தி பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நானே பல சுற்றறிக்கைகளுக்கு வரைவு எழுதியிருக்கிறேன். புதிதாக யாரும் எழுதுவதில்லை. பழைய கோப்பில் ஒத்த பொருளில் போன ஒன்றை எடுத்து, பொருளையும், முந்தைய கடிதங்களைக் குறிக்கும் பார்வையையும் மாற்றி, நடுவில் இரண்டு பத்தி சேர்த்து மேலே அனுப்புவோம். கண்காணிப்பாளர் ஒரு நிபந்தனையைச் சேர்ப்பார். அவருக்கு மேலே இருப்பவர், நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரக்கூடாது என்று 'உட்பட்டு' என்று ஒரு சொல்லைச் செருகுவார். எச்சரிக்கைப் பத்தி மட்டும் தலைமுறை தலைமுறையாக அப்படியே வரும். அதை எடுத்துவிட்டு ஒரு வரைவு வைத்தால், "ஃபினிஷிங் இல்லையே" என்று திரும்பி வரும்.

ஜூலை 7 பயமும் அதே படத்தை வைத்தே தீர்ந்தது. மூன்றாம் பத்தியில் முப்பது நாள் என்பது எதிலிருந்து? 'அறிவிப்பு சார்வு செய்து' என்ற சொற்களுக்குப் பின்னால் வருகிறது. அதாவது உங்கள் பெயருக்கு ஓர் அறிவிப்பு எழுதி, அது உங்கள் கைக்கு வந்து, நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிய நாளிலிருந்து. சுற்றறிக்கையின் தேதிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அறிவிப்பு வராதவருக்கு நாளே ஓடவில்லை.

"வந்தா வாங்காம விட்டுட்டா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இதைக் கேட்பார்.

"வாங்க மறுத்தாலும் மறுத்தார்னு எழுதிக் கதவுல ஒட்டிட்டுப் போவாங்க. அதுவும் சார்வுதான். அப்புறம் விளக்கம் சொல்ற வாய்ப்பும் போயிடும். வாங்கிக்கங்க. வாங்கின தேதியை மட்டும் கையெழுத்துக்குக் கீழே நீங்களே எழுதுங்க."

அத்தோடு எழுந்து போயிருப்பார்கள். ஆனால் டீச்சர் விடவில்லை. "தம்பி, அறிவிப்பு வரலைன்னா நாள் ஓடாது, சரி. வந்தா? என் 950-க்கு என்ன பதில்?"

கடைசி வீட்டுக்காரரும் இப்போது வாயைத் திறந்தார். "சார், என் வீடு ரெக்கார்டுல 1,000 சதுர அடி. பின்னாடி ரூம் பன்னிரண்டுக்கு எட்டு. 96. பத்துக்குக் கீழதானே வருது? 9.6. நான் தப்பிச்சேன்ல?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ஒன்னும் ஆகாது' என்ற இரண்டு சொல்லுக்காகத்தான் அந்தக் கூட்டம் முழுவதும் வந்திருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அந்த மாலை நல்லபடியாக முடிந்திருக்கும்.

சொல்ல முடியாததற்குக் காரணம் படத்திலேயே இருந்தது. 'பதிவேட்டுப் பரப்பு', 'கள அளவு' என்ற இரண்டையும் ஒப்பிடச் சொல்கிறார்கள். இரண்டும் என்னவென்று இந்தச் சுற்றறிக்கையில் எங்கேயும் இல்லை. சுவரைச் சேர்த்தா, சேர்க்காமலா? பால்கனி உண்டா? பொதுப் படிக்கட்டு? 'பார்வை 2-ல் காணும் சுற்றறிக்கை' என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. விளக்கம் முழுவதும் அங்கேதான் இருக்க வேண்டும். அரசுக் கடிதத்தில் பார்வை என்ற பகுதியைப் பொதுமக்கள் அலங்காரம் என்று தாண்டிவிடுவார்கள். நாங்கள் அதைத்தான் முதலில் படிப்போம். புதிய சுற்றறிக்கை பெரும்பாலும் பழையதன் மேல் ஒட்டின ஒட்டு. அடியில் இருப்பதைப் பார்க்காமல் மேலே இருப்பதற்குப் பொருள் சொல்வது ஊகம்தான்.

"பார்வை இரண்டைப் பார்க்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன். நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

"உங்களுக்கே தெரியலையா?" என்று ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். டீச்சர் பத்திரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நாளைக்கு ஆறு மணிக்கு வரட்டுமா?" என்றார்.

மறுநாள் மதிய இடைவேளையில் அந்தச் சுற்றறிக்கையை அனுப்பிய அலுவலகத்துக்குப் போனேன். தபால் பிரிவில் இருந்தவர் என் வயதுக்காரர். எந்தப் பொருள், எந்தத் தேதி, எனக்கு என்ன வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். கோப்பு மொழியில் கேட்டால் கோப்பு சீக்கிரம் வரும். இதில் நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். டீச்சர் போய்க் கேட்டிருந்தால் மூன்று மேசை மாறி நின்றிருப்பார். இரண்டு சுற்றறிக்கையும் அறிவிப்புப் பலகைக்கு அனுப்பப்பட்டவைதான், ரகசியம் இல்லை. ஆனால் பலகையில் பழையதன் மேல் புதியதைக் குத்தியிருந்தார்கள்.

இரண்டாம் பக்கத்தில் நான் எதிர்பார்த்ததுதான். 'பெறுநர்: அனைத்து வருவாய் ஆய்வாளர்கள்.' அதற்குக் கீழே நகல்கள். பொதுமக்கள் என்ற சொல்லே கிடையாது.

பார்வை 2-தான் விருந்து. பழைய சுற்றறிக்கை, நாலு பக்கம். பத்தி 2-ல் பதிவேட்டுப் பரப்பு என்றால் வரி விதிப்புப் பதிவேட்டில் அந்தக் கட்டடத்துக்கு எழுதியிருக்கும் கட்டடப் பரப்பு, கிரயப் பத்திரத்தில் காணும் பரப்பு அல்ல என்று தெளிவாக இருந்தது. கள அளவு எடுக்கும்போது சுவர்களின் வெளிவிளிம்பிலிருந்து அளக்க வேண்டும். அடுக்குமாடியில் பொதுப் படிக்கட்டு, நடைபாதை, மின்தூக்கி இடம் ஆகியவற்றைத் தனி வீட்டின் பரப்பில் சேர்க்கக் கூடாது. பத்தி 5-ல் நிலுவை பற்றி: உரிமையாளர் தாமாக முன்வந்து தெரிவித்தால் நடப்பு அரையாண்டிலிருந்து மட்டும் வரி. ஆய்வில் கண்டுபிடிக்கப்பட்டு விளக்கமும் வராவிட்டால், கட்டி முடித்த அரையாண்டிலிருந்து.

மாலை ஆறு மணிக்கு முன்பே டீச்சர் வந்துவிட்டார். அவருக்குச் சொல்வது எளிது.

"உங்க பத்திரத்துல இருக்கிற 950 கட்டினவர் விற்ற கணக்கு. வீட்டோட பரப்பும் இருக்கு, படிக்கட்டு, நடைபாதை, லிஃப்ட்ல உங்க பங்கும் அதுல இருக்கு. அதை சூப்பர் பில்டப்னு சொல்வாங்க. 780 உங்க வீடு மட்டும், சுவரோட சேர்த்து. ஆய்வாளர் வந்தா 780-ஐத்தான் டேப்போட ஒப்பிடுவார். 950-ஐ அவர் பார்க்கவே மாட்டார்."

டீச்சர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு, "வீட்டுக்குள்ள நான் அளந்தப்ப 690தான் வந்துச்சு. அது குறைச்சல்தானே, அதுக்கும் நோட்டீஸா?" என்றார். முந்தின இரவு தூங்காமல் டேப் பிடித்திருக்கிறார்!

"அது தரையில விரிப்பு போடுற இடம் மட்டும், டீச்சர். சுவர் கனத்தை விட்டுட்டீங்க. ஒரே வீட்டுக்கு மூணு அளவு. 690, 780, 950. மூணும் சரிதான். சுற்றறிக்கை கேட்கிறது நடுவுல இருக்கிறதை."

கடைசி வீட்டுக்காரரிடம் சொல்வது அப்படி இல்லை. அவர் உட்காரவும் இல்லை, தூணில் சாய்ந்து நின்றார். நான் ஒரு தாளில் அறையை வரைந்தேன்.

"உள்ளே பன்னிரண்டுக்கு எட்டு. சுவர் என்ன கனம்?"

"ஒன்பது இஞ்ச்."

"நீளவாக்குல ரெண்டு பக்கமும் புதுச் சுவர். முக்கால் அடி, முக்கால் அடி. பன்னிரண்டு பதின்மூன்றரை ஆகுது. அகலவாக்குல ஒரு பக்கம் வீட்டுப் பழைய சுவர், அது ஏற்கெனவே கணக்குல இருக்கு. மறுபக்கம் மட்டும் புதுசு. எட்டு எட்டே முக்கால் ஆகுது."

13.5-ஐ 8.75-ஆல் பெருக்கினால் 118. ஆயிரத்தில் 118 என்றால் 11.8 விழுக்காடு.

அவர் தாளை வாங்கித் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். "சுவருக்குள்ள யாரு சார் குடியிருக்காங்க?" என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

நேற்று நான் 9.6-ஐக் கேட்டு 'ஒன்னும் ஆகாது' என்று சொல்லியிருந்தால் அவர் அந்த நம்பிக்கையில் இருந்திருப்பார். அறிவிப்பு வந்த பிறகும் 'சார் சொன்னாரே' என்று பேசாமல் இருந்திருப்பார். முப்பது நாள் போயிருக்கும். நாலு வருஷம் என்றால் எட்டு அரையாண்டு நிலுவை.

"இப்ப நானே போய் எழுதிக் கொடுத்தா நானே மாட்டிக்கிற மாதிரி இல்லையா?" என்றார்.

"பத்து விழுக்காட்டுக்கு மேல இருக்கிறதை அவங்க அளந்தா தெரியத்தான் போகுது. நீங்க எழுதிக் கொடுத்தா இந்த அரையாண்டுலேர்ந்து வரி. நீங்களும் எழுதாம, நோட்டீஸுக்கும் பதில் சொல்லாம இருந்தா எட்டு. நடுவுல, நோட்டீஸ் வந்த பிறகு விளக்கம் கொடுத்தா எத்தனை அரையாண்டுன்னு இதுல சொல்லலை. 'விதிக்கப்படலாம்'னுதான் இருக்கு. அதை அதிகாரி முடிவு பண்ணுவார். அவர் என்ன பண்ணுவார்னு என்னால சொல்ல முடியாது."

"ஆய்வாளர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்லை."

"தெரிஞ்சவங்க யாராவது?"

"இல்லை சார்."

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன், அது அவருக்குப் பிடிக்கவில்லை. வரி கட்டுவதால் அந்த அறைக்குக் கட்டட அனுமதி கிடைத்துவிடாது. வரி விதிப்பு வேறு, அனுமதி வேறு. ரசீதைக் காட்டி அனுமதி இருக்கிறது என்று வாதாட முடியாது. மனுவில் அனுமதி பற்றித் தானாக எதையும் எழுத வேண்டாம், பரப்பை மட்டும் எழுதினால் போதும் என்றேன். அனுமதி விஷயத்துக்கு அந்தப் பிரிவில் போய்த் தனியாகக் கேட்க வேண்டும். அது எனக்குத் தெரியாத துறை.

மனு அரைப் பக்கம்தான். வரி விதிப்பு எண், பதிவேட்டுப் பரப்பு, பின்பக்கம் கூடுதலாகக் கட்டிய அறையின் வெளி அளவு, மொத்தப் பரப்பு. பார்வை 2-ன் பத்தி 5-ன்படி நடப்பு அரையாண்டு முதல் வரி விதிக்கக் கோருவதாக ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் மனு. அது இல்லாமல் 'கூடுதல் அறை கட்டியுள்ளேன்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன மாதிரி தானே மாட்டிக்கொள்வதுதான். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வரச் சொன்னேன். முத்திரை போட மாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பச் சொன்னேன்.

இரண்டு நாள் யோசித்தார் என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னார். பிறகு கொடுத்துவிட்டார். ஆய்வாளர் வந்து அளந்தபோது 118 இல்லை, 119 என்று எழுதினார். ஆணையில் நடப்பு அரையாண்டு முதல் என்றே வந்தது. கடைசி வீட்டுக்காரர் அதைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "ஒரு சதுர அடி எங்கேயிருந்து வந்துச்சு, கேளுங்க" என்றார். பூச்சு கனமாக இருக்கலாம் என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. அந்த ஒரு சதுர அடிக்கு மேல்முறையீடு உண்டா என்று இன்றுவரை கேட்கிறார். ஆணையின் கடைசிப் பத்தியில் கால அவகாசத்தோடு மேல்முறையீட்டு அதிகாரியின் பதவியும் இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்பேன்.

டீச்சருக்கு அறிவிப்பே வரவில்லை. வராது என்று அன்றே சொல்லியிருந்தேன், ஏன் வராது என்பதையும் தாள் போட்டு விளக்கியிருந்தேன். அவர் வகுப்புக் குறிப்பு போல அதை எழுதியும் வைத்திருக்கிறார். ஆனாலும் தெருவில் யார் கேட்டாலும் அவர் சொல்வது வேறு: "தம்பி அந்த ஆபீசுக்கே நேர்ல போயிட்டு வந்துச்சு. பேசி முடிச்சிடுச்சு."

நான் மறுத்துப் பார்த்துவிட்டேன். "அப்படி வெளியில சொல்லக் கூடாதுதான், தெரியும்" என்று கண்ணைச் சிமிட்டுகிறார்.